ஒரே ஏடு, பல தொழில்: உயிரணுக்கள் வேறுபடுவது எவ்வாறு?

எங்கள் பள்ளியில் பயின்ற ஒரு மாணவி நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வகுப்புக்கு வரமாட்டாள். அன்று அவளுக்கு மருத்துவமனையில் குருதி ஏற்றும் நாள். தலசீமியா என்னும் நோய் அவளுக்கு இருந்தது. ஒருநாள் அவளுடைய தாயார் என்னிடம் கேட்டார்: “இது பிறப்போடு வந்த நோய் என்கிறார்கள், ஐயா. ஆனால், பிறந்தபோது பிள்ளை நன்றாகத்தானே இருந்தாள்? ஏழாம் மாதத்திலேதானே வெளுக்கத் தொடங்கினாள்? அதுவரை நோய் எங்கே இருந்தது?”

படித்தவர் பலரும் கேட்கத் தோன்றாத கேள்வி இது. இதற்கு விடை காண வேண்டுமாயின் உயிர்நூலின் அடிப்படையான வினா ஒன்றை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் உடலின் உயிரணுக்கள் யாவும் ஒரே மரபுச் செய்தியைத் தாங்கியிருக்க, ஒன்று சிவப்பணுவாகவும் மற்றொன்று நரம்பணுவாகவும் வேறொன்று தோலாகவும் ஆவது எவ்வாறு என்பதே அவ்வினா.

ஏடு ஒன்றே

கருவுற்ற ஒற்றை முட்டையிலிருந்து உடல் வளர்கிறது. அம்முட்டை இரண்டாகவும் நான்காகவும் பிளந்து பெருகும்போதெல்லாம் அதனுள் இருக்கும் டி.என்.ஏ. இழை முழுமையாகப் படியெடுக்கப்பட்டு ஒவ்வோர் அணுவுக்கும் பங்கிடப்படுகிறது. ஏ, டி, ஜி, சி என்னும் நான்கே எழுத்துகளால் ஆன அவ்வேட்டில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உண்டு. தாய்வழி ஒரு படி, தந்தைவழி ஒரு படி என ஒவ்வோர் அணுவிலும் இரண்டு படிகள் இருக்கும். புரதங்களைச் செய்வதற்கான மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. அவற்றுள் புரதத்துக்கு நேரடியாக உதவும் எழுத்துகளைக் கூட்டினால் முழு ஏட்டில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட வாராது.

உடல் வளர வளர, வேண்டாத மரபணுக்களை அணுக்கள் உதறிவிடுகின்றனவோ என்று அறிஞர்கள் ஒரு காலத்தில் ஐயுற்றனர். தலைப்பிரட்டையின் குடலணுவிலிருந்து கருவை எடுத்து, தன் கரு அழிக்கப்பட்ட தவளை முட்டைக்குள் ஜான் கர்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் செலுத்தினார். அம்முட்டைகளுள் சில முழுத் தலைப்பிரட்டைகளாக வளர்ந்தன என்பதை 1962இல் வெளியிட்டார். குடலணுவின் கருவில் கண்ணுக்கும் வாலுக்கும் மூளைக்கும் வேண்டிய செய்தி அழியாமல் இருந்தது என்பது அதனால் விளங்கிற்று. நோயெதிர்ப்புத் தொழில் செய்யும் சில வெள்ளணுக்கள் தம் மரபணுக்களில் ஒரு சிறு பகுதியை வெட்டி ஒட்டிக்கொள்வது உண்டு. முதிர்ந்த சிவப்பணு தன் கருவையே வெளியேற்றிவிடும். இவை போன்ற சில விலக்குகள் நீங்கலாக, ஏடு எங்கும் ஒன்றே.

ஆகவே வேற்றுமை ஏட்டில் இல்லை, படிப்பில் இருக்கிறது. ஒரே பாடநூலை ஒவ்வொரு வகுப்பினர் கையிலும் கொடுத்து, ஒரு வகுப்பு மூன்றாம் பாடத்தையும் மற்றொன்று பத்தாம் பாடத்தையும் படிப்பது போன்றதே இது. அப்படியாயின் இன்ன பாடத்தைப் படி என்று சொல்பவர் யார்?

படியெடுத்தற் காரணிகள்

மரபணு ஒன்று தொழிற்பட வேண்டுமாயின் அதன் எழுத்துகள் முதலில் ஆர்.என்.ஏ. என்னும் சிறு படியாக எடுக்கப்பட வேண்டும். அப்படியைக் கொண்டே புரதம் செய்யப்படும். படியெடுக்கும் பொறி எல்லா அணுக்களிலும் உண்டு. ஆனால், எந்த மரபணுவில் போய் அமர்வது என்று அது தானாக அறியாது. அதை அழைத்துச் சென்று அமர்த்தும் புரதங்களுக்குப் படியெடுத்தற் காரணிகள் என்று பெயர்.

இவை டி.என்.ஏ. இழையின் மீது குறிப்பிட்ட ஒரு குறுஞ்சொல்லைக் கண்டால் அதனோடு பொருந்தி அமரும் இயல்புடையவை. சிவப்பணு உருவாவதற்கு இன்றியமையாத காட்டா-1 என்னும் காரணியை எடுத்துக்கொள்வோம். ஜி-ஏ-டி-ஏ என்னும் நான்கெழுத்தே அது தேடும் சொல். பெயரும் அதனால் வந்ததே. அச்சொல்லுக்கு முன் ஏ அல்லது டி, பின் ஏ அல்லது ஜி இருந்தால் பிடிப்பு உறுதியாகும்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுவில் உள்ள நான்கு எழுத்துகளும் தற்செயலாக ஒத்துவர 256இல் ஒரு வாய்ப்பு. முன்னெழுத்துக்கு இரண்டில் ஒன்று, பின்னெழுத்துக்கு இரண்டில் ஒன்று. ஆக 1,024 இடங்களுக்கு ஓரிடத்தில் இச்சொல் வரும். 300 கோடி எழுத்துகளில் ஏறத்தாழ 29 லட்சம் இடங்கள்; எதிரிழையையும் சேர்த்தால் 58 லட்சம். ஆனால், வளரும் சிவப்பணுவில் காட்டா-1 உண்மையில் அமர்ந்திருக்கும் இடங்களை ஆராய்ந்தால், அவை இத்தொகையில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. மற்ற இடங்களை அது ஏன் விட்டுவிடுகிறது?

இதற்குக் காரணம் இரண்டு. டி.என்.ஏ. இழை திறந்து கிடப்பதில்லை. நூல்கண்டில் நூலைப் போல, ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளில் இறுகச் சுற்றப்பட்டுள்ளது. சுற்றிய நிலையில் உள்ள சொல்லைப் பெரும்பாலான காரணிகள் எட்டமாட்டா. இது முதற் காரணம். அடுத்தது, ஒரு காரணி தனித்து நின்று உறுதியாகப் பிடிக்காது என்பது. பக்கத்திலேயே தன் துணைக்காரணிகளுக்கு உரிய சொற்களும் இருந்து, அத்துணைகளும் வந்து அமர்ந்தால்தான் அந்த இடம் தொழிற்படும். ‘கால்’ என்று மட்டும் எழுதிக் காட்டினால், அது உறுப்போ, காற்றோ, நாலில் ஒரு பங்கோ என்று மாணவன் திகைப்பான். அண்டை நிற்கும் சொற்களே பொருளை உறுதி செய்யும். காட்டா என்னும் சொல்லுக்கும் அண்டைச் சொற்களே பொருள் தருகின்றன.

தொலைவிலிருந்து தூண்டும் பகுதிகள்

இவ்வாறு பல காரணிகளுக்கு உரிய சொற்கள் நெருங்கி அமைந்த, சில நூறு எழுத்துகள் நீளமுள்ள இடங்கள் ஏட்டில் எங்கும் காணப்படுகின்றன. ஆங்கிலத்தில் என்ஹான்சர் எனப்படும் இவற்றைத் தூண்டற்பகுதி என்று நாம் அழைக்கலாம். இவை புரதம் எதையும் செய்யா. வேறொரு மரபணுவைப் படிக்கும்படி தூண்டுவதே இவற்றின் வேலை.

1981இல் ஜூரிக் நகரில் வால்ட்டர் ஷாஃப்னரும் அவர் துணைவர்களும் முயலின் பீட்டா குளோபின் மரபணுவோடு, குரங்கு நச்சுயிர் ஒன்றின் சிறு டி.என்.ஏ. துண்டை இணைத்து அணுக்களுக்குள் செலுத்தினர். மரபணுவின் படிப்பு ஏறத்தாழ 200 மடங்கு பெருகியது. அத்துண்டை மரபணுவுக்கு முன் வைத்தாலும் பின் வைத்தாலும், தலைகீழாகத் திருப்பி வைத்தாலும், ஆயிரக்கணக்கான எழுத்துகள் தள்ளி வைத்தாலும் விளைவு இருந்தது. இரண்டு ஆண்டுகளில், நம் போன்ற உயிர்களின் சொந்த ஏட்டிலும் இத்தகைய பகுதி இருப்பது தெரிந்தது. நோயெதிர்ப்புப் புரதத்தின் மரபணுவில் இருந்த அப்பகுதி வெள்ளணுவில் மட்டுமே தூண்டிற்று. பிறவகை அணுக்களில் சும்மா கிடந்தது. அதில் அமரவேண்டிய காரணிகள் அங்கே கூடியிருக்கவில்லை.

தொலைவில் இருந்துகொண்டு எவ்வாறு தூண்டுகிறது? இழை வளைந்து கொடுக்கிறது என்பதே விடை. நீண்ட கயிற்றின் இரண்டு இடங்களை வளைத்து அருகருகே கொண்டுவருவது போல், தூண்டற்பகுதியும் மரபணுவின் தொடக்கமும் அண்மையில் வருகின்றன. தூண்டற்பகுதியில் கூடிய காரணிகள், இடைநின்று உதவும் புரதங்களின் வழியே, படியெடுக்கும் பொறியை அங்கே அமர்த்துகின்றன.

இது ஏட்டுக் கருத்து மட்டுமன்று என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். நெதர்லாந்து நாட்டு நோயாளி ஒருவரின் தலசீமியா 1983இல் ஆராயப்பட்டது. பாதிக்கப்பட்ட குரோமோசோமில் அவருடைய பீட்டா குளோபின் மரபணுவில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. பிரித்தெடுத்து வேறு அணுவில் வைத்தால் ஒழுங்காகத் தொழிற்பட்டது. ஆனால், அவர் உடலில் அது வாய் திறக்கவில்லை. மரபணுவுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு லட்சம் எழுத்துகள் கொண்ட பகுதி அறுந்து போயிருந்தது. அப்பகுதிக்குள் பீட்டா மரபணுவிலிருந்து ஏறக்குறைய 50,000 எழுத்துகளுக்கு அப்பால், ஆற்றல்மிக்க தூண்டற்பகுதிகளின் கூட்டம் ஒன்று இருந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1987இல் அக்கூட்டத்தைப் பீட்டா மரபணுவோடு இணைத்து எலிகளில் வைத்தபோது மரபணு முழு அளவில் பேசியது. பாடம் பிழையின்றி இருந்தும், படி என்று சொல்வார் இல்லாமல் நோய் வந்தது.

அணு தன் தொழிலை மறவாதது ஏன்?

சிவப்பணுவில் காட்டா-1 இருப்பதால் அது சிவப்பணு ஆகிறது என்றால், அக்காரணி அங்கே வந்தது எப்படி என்ற வினா எழும். அதுவும் ஒரு மரபணுவிலிருந்து படிக்கப்பட்டதே. முன்னைய காரணிகள் அதைப் படிக்கத் தூண்டின. அவற்றை அவற்றுக்கு முன்னையவை தூண்டின. இவ்வாறு பின்னோக்கிச் சென்றால் முட்டையிலேயே தாய் வைத்திருந்த பொருள்களிலும், கருவின் அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் குறிப்புகளிலும் போய் முடியும்.

தோன்றிய பிறகு நிலைபெறுவதற்கு வேறு வழி உண்டு. காட்டா-1 தன் சொந்த மரபணுவின் தூண்டற்பகுதிகளிலும் அமர்ந்து தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. அதோடு வெள்ளணு வகைகளை உருவாக்கும் பியூ-1 என்னும் காரணியை அடக்குகிறது. பியூ-1 ஓங்கினாலோ அது காட்டா-1ஐ அடக்கும். ஒருவர் அமர்ந்தால் மற்றவர் எழ முடியாத இருக்கை இது. இவ்விழுபறியே இளம் அணுவின் போக்கைத் தொடக்கத்தில் தீர்மானிக்கிறது என்று முன்பு கருதினர். தனித்தனி அணுக்களை நாள்கணக்கில் தொடர்ந்து நோக்கிய ஆய்வு 2016இல் வெளிவந்த பின், எடுத்த முடிவை நிலைநாட்டுவதே இதன் முதன்மைப் பணி என்று கருத இடம் ஏற்பட்டுள்ளது.

ஏழாம் மாதத்து வெளுப்பு

இனி, அத்தாயாரின் கேள்விக்கு வருவோம். ஹீமோகுளோபினில் ஆல்பாச் சங்கிலி இரண்டும் பீட்டாச் சங்கிலி இரண்டும் உண்டு. இது பிறந்து வளர்ந்தவர்க்கு உரியது. கருப்பையில் வளரும் குழந்தைக்கோ பீட்டாவுக்குப் பதிலாகக் காமாச் சங்கிலி அமைகிறது. தாயின் குருதியிலிருந்து உயிர்வளியை ஈர்க்க அதுவே ஏற்றது. காமா மரபணுக்களும் பீட்டா மரபணுவும் 11ஆம் குரோமோசோமில் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றன. மேலே கூறிய தூண்டற்பகுதிக் கூட்டம் இரண்டுக்கும் பொது. கருவில் அது காமாவை நோக்கி வளைகிறது. பிறப்பை ஒட்டிப் பீட்டாவை நோக்கித் திரும்புகிறது. பிறந்த சில மாதங்களில் காமா பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

பீட்டா மரபணு இரண்டு படியிலும் பழுதான குழந்தை, காமா பேசும்வரை நலமாகவே இருக்கும். காமா ஓய்ந்து பீட்டா எழவேண்டிய காலத்தில் எழுவதற்கு ஒன்றும் இல்லை. துணையின்றி மிகுந்துபோன ஆல்பாச் சங்கிலிகள் திரண்டு படிந்து, வளரும் சிவப்பணுக்களை எலும்பு மஜ்ஜையிலேயே அழிக்கின்றன. பிள்ளை வெளுக்கிறாள். நோய் முதல் நாளிலிருந்தே ஏட்டில் இருந்தது. ஆனால், அந்தப் பாடத்தைப் படிக்கும் நாள் வரவில்லை; அதனால் தெரியவில்லை.

காமாவின் வாயை அடைப்பது எது?

நலமான காமா மரபணுக்கள் அந்நோயாளிகளிடம் இருக்கின்றன. அவற்றை மீண்டும் பேசவைத்தால் நோய் தீருமன்றோ? தலசீமியா உடையவர்களுள் இயல்பாகவே காமா ஓரளவு நிலைத்திருப்பவர்களுக்கு நோய் கடுமை குறைந்திருப்பதை மருத்துவர்கள் முன்பே கண்டிருந்தனர். பெருந்தொகை மக்களின் மரபேடுகளை ஒப்பிட்டபோது, 2007இலும் 2008இலும் ஓரிடம் சுட்டப்பட்டது. அது 2ஆம் குரோமோசோமில் உள்ள பி.சி.எல்.11-ஏ என்னும் மரபணு. அது செய்யும் புரதமும் ஒரு படியெடுத்தற் காரணியே. ஆனால், தூண்டுவதற்கு மாறாக அடக்குவது. காமா மரபணுவின் தொடக்கத்துக்கு 115 எழுத்துகள் முன்னே உள்ள ஒரு குறுஞ்சொல்லில் அமர்ந்து அதன் வாயை அடைக்கிறது என்பது 2018இல் உறுதியாயிற்று.

அப்படியானால் பி.சி.எல்.11-ஏ மரபணுவை அழித்துவிடலாமே என்றால், கூடாது. மூளை வளர்ச்சிக்கும், பி-அணு என்னும் வெள்ளணு தோன்றுவதற்கும் அது வேண்டும். அதை முழுதும் இழந்த எலிக்குட்டிகள் பிறந்தவுடன் மடிந்தன. ஒரு படி பழுதான மனிதர்க்கு அறிவு வளர்ச்சி குன்றுகிறது.

இங்கேதான் தூண்டற்பகுதி பற்றிய அறிவு கைகொடுத்தது. ஒரே மரபணுவை வெவ்வேறு வகை அணுக்களில் வெவ்வேறு தூண்டற்பகுதிகள் எழுப்புவது வழக்கம். பி.சி.எல்.11-ஏ மரபணுவைச் சிவப்பணுவில் எழுப்பும் பகுதி, அம்மரபணுவின் உள்ளேயே, புரதத்துக்கு உதவாத இடைவெளியில், தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 58,000 எழுத்துகள் தள்ளி இருப்பதை 2013இல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் ஆர்க்கினின் ஆய்வுக்கூடத்தார் கண்டனர். மக்களிடையே காமா அளவை வேறுபடுத்திய எழுத்து மாற்றங்களும் அங்கேதான் கிடந்தன. எலியின் சிவப்பணு மரபைச் சேர்ந்த அணுக்களில் அப்பகுதியை வெட்டியபோது பி.சி.எல்.11-ஏ புரதம் மறைந்தது. பி-அணு மரபைச் சேர்ந்தவற்றில் அதையே வெட்டியபோது புரதம் குறையவில்லை. 2015இல் மனித அணுக்களில் அப்பகுதியை எழுத்துவாரியாக நெருங்க நெருங்க வெட்டிச் சோதித்தனர். பெரும்பாலான வெட்டுகளால் பெரிய விளைவு இல்லை. ஒரு சிறு துணுக்கில் வெட்டியபோது மட்டும் தூண்டல் சரிந்தது. அத்துணுக்கில் இருந்த சொல் எது தெரியுமா? நாம் மேலே கணக்கிட்ட ஜி-ஏ-டி-ஏ என்னும் சொல்லே!

காட்டா-1 பீட்டா மரபணுவைத் திறக்கவும் உதவுகிறது. காமாவை அடைக்கும் காவலனையும் எழுப்புகிறது. எழுப்பும் அந்த ஒரு சொல்லை மட்டும் அழித்தால், காவலன் சிவப்பணுவில் உறங்குவான். மூளையிலும் பி-அணுவிலும் விழித்திருப்பான்.

மருத்துவமாக மாறியது

இம்முறையில் அமைந்த மருத்துவத்தைப் பிரிட்டன் 2023 நவம்பரிலும் அமெரிக்கா அதே ஆண்டு டிசம்பரிலும் முதன்முதலாக ஏற்றன. அமெரிக்கா முதலில் அரிவாள் அணு நோய்க்கும், 2024 ஜனவரியில் தலசீமியாவுக்கும் இசைவளித்தது. நோயாளியின் குருதி மூலஅணுக்களை வெளியே எடுத்து, அச்சொல் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் ஆர்.என்.ஏ. ஒன்றையும், வெட்டும் புரதமாகிய காஸ்-9ஐயும் அவற்றினுள் செலுத்துகிறார்கள். வெட்டுண்ட இழையை அணு தானே ஒட்டிக்கொள்ளும். ஆனால், ஒட்டும்போது சில எழுத்துகள் தவறும். அத்தவறே நமக்கு வேண்டியது, சொல் சிதைந்துவிடும். பின்னர், கடுமருந்து கொடுத்துப் பழைய மஜ்ஜையை அகற்றி, திருத்திய அணுக்களை உடலில் சேர்க்கிறார்கள். 2024இல் வெளியான அறிக்கையில், போதிய காலம் தொடர்ந்து நோக்கப்பட்ட தலசீமியா நோயாளிகள் 35 பேருள் 32 பேர் ஓராண்டோ அதற்கு மேலோ குருதி ஏற்றாமல் வாழ்ந்தனர்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அக்கடுமருந்தால் தொற்றுநோய் வரலாம், பிள்ளைப்பேறு கெடலாம். காஸ்-9 வேறிடத்தில் வெட்டியிருக்குமோ என்பதை நெடுங்காலம் கண்காணிக்க வேண்டும். அதனால் நோயாளிகள் 15 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கப்படுகிறார்கள். திருத்தம் குருதி அணுக்களில் மட்டுமே ஆதலின், பழுதான மரபணு பிள்ளைகளுக்குச் செல்வதை இது தடுக்காது. விலையோ அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் என்று அறிவிக்கப்பட்டது. தோட்டத்துக் குடும்பத்துக்கு அது எட்டாக் கனி. நமக்கு இன்று எட்டக்கூடியது திருமணத்துக்கு முன் செய்யும் எளிய குருதிப் பரிசோதனையே. ஒற்றைப் படியில் மட்டும் பழுதுள்ள இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அவ்விருவரும் வெளிப்பார்வைக்கு நலமாகவே இருப்பர் என்பதை நினைவில் கொள்க.

அத்தாயாருக்கு நான் அன்று விடை சொல்லவில்லை, எனக்குத் தெரியவில்லை. இன்று சொல்வதானால் இவ்வளவே சொல்வேன்: “அம்மா, உங்கள் மகளிடம் இரண்டு பாடங்கள் இருந்தன. பிறக்குமுன் படித்த பாடம் பிழையற்றது. பிறந்தபின் படிக்கவேண்டிய பாடத்தில் பிழை இருந்தது. முதற்பாடம் அழியவில்லை, மூடிவைக்கப்பட்டு இன்னும் அவளுக்குள்ளேயே இருக்கிறது.”